ஷேடு

செக்கிங் டேபிளில் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்தவளுக்கு ஷேடு தப்பாது. பனியன் துணியில் அரைக்கால் வெளுப்பு இருந்தாலும் கை தானாகப் பீஸை ஒதுக்கிப் போடும். அன்று வியாழக்கிழமை, விடிகாலை. அமராவதி நகர் வீட்டுப் பாத்ரூம் ஜன்னல் திட்டில் அட்டையை வைத்து, முதல் சிறுநீரில் மூன்று சொட்டு விட்டு, ஐந்து நிமிஷம் கழித்துப் பார்த்தேன். முதல் கோடு அடர் சிவப்பு. பக்கத்தில், துவைத்துத் துவைத்து வெளுத்த ரோஸ் நிறத்தில் இன்னொன்று.

"ஒரு கோடுதானே இருக்குது" என்றார் வீட்டுக்காரர்.

"ரெண்டுங்க. ஷேடு கம்மி, அவ்வளவுதான்."

திங்கட்கிழமை வரவேண்டியது. மூன்று நாள் தள்ளியிருந்தது. எங்கள் அம்மாவுக்கு அட்டையெல்லாம் கிடையாது. அணை பார்த்த அம்மா வீட்டுச் சமையலறையில் நாள்காட்டி மாட்டியிருக்கும். தலைக்கு ஊற்றிய தேதியில் பென்சிலால் ஒரு புள்ளி. அடுத்த புள்ளி விழவில்லை என்றால் அமுச்சி மெல்லக் கேட்பாள்: "என்ன சாமி, முழுகாம இருக்கறயா?" கர்ப்பத்துக்கு நம் ஊர் வைத்த பெயரே அதுதான். குளிக்கவில்லை என்பது ஒன்றே அத்தாட்சி. அதனால் அவசரமும் கிடையாது. நாற்பது நாள், ஐம்பது நாள் தாண்டின பிறகுதான் வாயைத் திறப்பார்கள். நான் மூன்றாம் நாளே வாயைத் திறந்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் அத்தைக்கும் தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை உடுமலையில் ரத்தம் கொடுத்தேன். பீட்டா எச்.சி.ஜி. 42 என்று வந்தது. இந்த ஒரு நம்பரை வைத்து எதுவும் சொல்ல முடியாது, இரண்டு மூன்று நாளில் இரட்டிப்பாகிறதா என்று பார்க்கணும் என்றார் டாக்டரம்மா. சனிக்கிழமை காலையில் பொறுக்க மாட்டாமல் இன்னொரு அட்டை போட்டேன். இருக்கிறது என்று நினைத்தால் இருந்தது, இல்லையென்றால் இல்லை. கம்பெனியில் இப்படி ஒரு பீஸ் வந்தால் ரிஜெக்ட் என்று சட்டென்று போட்டிருப்பேன். அன்று மனசு வரவில்லை.

ஞாயிறு மதியம் இடுப்பு இழுத்துக்கொண்டு வந்தது. எப்போதும் வருவதைவிடக் கொஞ்சம் கூடுதல், கட்டி கட்டியாய். அதைத் தவிர வேறு எந்த அடையாளமும் இல்லை. அட்டை போடாமல் இருந்திருந்தால், ஆறு நாள் தள்ளி வந்த பெரும்பாடு என்று சுக்குக் கஷாயம் குடித்துவிட்டுப் படுத்திருப்பேன்.

திங்கட்கிழமை ரத்தத்தில் 15. டாக்டரம்மா சொன்ன வார்த்தை 'கெமிக்கல் பிரெக்னன்சி'.

வேறு ஊராக இருந்தால் அந்த வார்த்தை சும்மா போயிருக்கும். எங்கள் பக்கத்தில் கெமிக்கல் என்றால் நொய்யல் நினைவுக்கு வரும். 2011 ஜனவரியில் ஐகோர்ட் உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மொத்தமாய் மூடியபோது வேலையில்லாமல் உட்கார்ந்தவர்கள் எங்கள் சொந்தத்திலேயே உண்டு. அத்தை கேட்டதில் தப்பே இல்லை.

"அந்தச் சாயத் துணியை நாளெல்லாம் மோந்து பாத்துட்டு இருந்தா கெமிக்கல் உள்ள போவாதா கண்ணு?"

நானும் அந்த ராத்திரி அதைத்தான் நினைத்தேன். மறுநாள் டாக்டரம்மாவிடமே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, ஒரு காகிதத்தை எடுத்துப் படம் போட்டார். முட்டை வெளிப்பட்டு ஒரு வாரம், பத்து நாளில் கரு கர்ப்பப்பைச் சுவரில் ஒட்டுகிறது. ஒட்டியதும் அதன் வெளிச்சுற்றில் இருக்கும் செல்கள் ஒரு ஹார்மோனைச் சுரக்கின்றன. அதுதான் எச்.சி.ஜி. மாதவிலக்கை வரவிடாமல் நிறுத்தி வைப்பது அது. சிறுநீரில் சுமார் 25 அலகு சேர்ந்தால் அட்டை காட்டிவிடும். ஸ்கேனில் கருவின் பை தெரிய ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் போகணும், கடைசியாய்க் குளித்த கணக்கில் ஐந்து வாரமாவது ஆகணும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒட்டி, நடுவிலேயே நின்றுபோனால் கண்ணில் காட்ட எதுவும் இருக்காது. வேதிச் சோதனை மட்டும்தான் சாட்சி. அந்தச் சோதனைக்குத்தான் கெமிக்கல் என்று பெயர், நீ மோந்த சாயத்துக்கு அல்ல என்றார்.

அப்படியென்றால் ஏன் நின்றது? பெரும்பாலும் குரோமோசோம் எண்ணிக்கை முதல் நாளிலேயே கூடக்குறைய அமைந்துவிடுவதுதான் என்றார். எனக்கும் அதுதானா என்று சொல்ல முடியாது, இவ்வளவு சின்னதை யாரும் எடுத்துச் சோதிப்பதில்லை. வேன் குலுங்கியதும், நான் தின்ற பப்பாளித் துண்டும் கணக்கில் இல்லை. அடுத்த மாதமே முயற்சி செய்யலாம், கழுவி விடவும் வேண்டாம். இரண்டு மூன்று தடவை இப்படியே ஆனால் மட்டும் காரணம் தேடலாம் என்றார்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாய் இருந்தார். அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் ரத்தம் கொடுத்து, நம்பர் ஐந்துக்குக் கீழே வந்ததைக் காட்டணும். ரத்தம்தான் போய்விட்டதே, இன்னும் எதற்கு ஐந்நூறு ரூபாய் என்று வீட்டுக்காரர் முணுமுணுத்தார். கரு குழாயில் ஒட்டியிருந்தாலும் இதே மாதிரி ரத்தம் வரும், நம்பர் மட்டும் இறங்காமல் இழுத்துக்கொண்டு நிற்கும். ஒரு பக்கமாய் வயிற்றை வெட்டி வலித்தாலோ, தோள்பட்டை நுனி வலித்தாலோ, கண் இருட்டினாலோ, திங்கட்கிழமைக்குக் காத்திருக்காதே என்றார் டாக்டரம்மா. மணிக்கு இரண்டு பேடு நனைந்து இரண்டு மணி நேரம் நிற்காமல் போனாலும் அப்படியே. எனக்கு ஐந்தாம் நாள் நின்றது. திங்கட்கிழமை ஐந்துக்குக் கீழே வந்தது.

சின்ன வயசில், கம்பெனிக்குப் போன முதல் வருஷம், ஒன்பது நாள் தள்ளி இதே மாதிரி ஒருத்திக்கு வந்தது. கல்யாணமாகி மூன்று மாசம். லைனிலேயே சுருண்டு உட்கார்ந்தாள். பெயர் ஒட்டாத ஒரு மாத்திரையைக் கொடுத்து, ஷிப்மெண்ட் இருக்குது, எந்திரி என்றார்கள். தமிழ்நாட்டுப் பனியன் கம்பெனிகளில் இப்படி மாத்திரை கொடுப்பதை 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை எழுதிய பிறகுதான் ஊர் பேசியது. அவளுக்கு அன்று வந்தது என்ன என்று இப்போது யோசிக்கிறேன். அவளும் யோசித்திருக்க மாட்டாள். அட்டை வாங்க மெடிக்கல் கடைக்கு யார் போவது?

அமெரிக்காவில் வில்காக்ஸ் என்பவரின் குழு 221 பெண்களிடம் தினமும் காலைச் சிறுநீர் வாங்கிச் சோதித்து, 1988-இல் எழுதியது. 198 கரு ஒட்டியது தெரிந்தது. அதில் நூற்றுக்கு 22, கர்ப்பம் என்று யாரும் சொல்லும் முன்பே போய்விட்டன. டாக்டரம்மா சொன்ன இந்தக் கணக்கை அம்மாவிடம் சொன்னேன். முறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"நீ பொறக்கறதுக்கு முன்னால ஒருக்கா பன்னெண்டு நாள் தள்ளுச்சு. தைப்பொங்கலுக்கு அடுத்த வாரம். உங்க அமுச்சி கூட முழுகாம இருக்கறயான்னு கேட்டா. அப்பறம் ரெண்டு நாள் எந்திரிக்க முடியல. சூடுன்னு சொல்லி வெந்தயம் குடுத்தா." ஒரு காம்பை உருவிப் போட்டாள். "உன் தம்பிக்கு முன்னாலயும் ஒருக்கா."

அந்தக் காலத்து நாள்காட்டித் தாள்களில் எத்தனையோ அடுப்புக்குப் போய்விட்டன. அந்த ரெண்டு மாசத்துக்கும் புள்ளி வைத்தாளா என்று கேட்டேன்.

"வெச்சேன். தலைக்கு ஊத்துனேனே."