அம்மா போட்டிருந்த அப்பா சட்டை

இறந்தவர்களின் படம் வரைகிறவனுக்கு முகத்தைப் பற்றி மட்டும்தான் பயம் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். முகம் தப்பினால் வீட்டார் உடனே சொல்லிவிடுவார்கள்: மூக்கு கொஞ்சம் நீளம், கண் சின்னது என்று. திருத்திவிடலாம். சட்டை தப்பினால் யாருக்கும் சொல்லத் தெரியாது. "எல்லாம் சரிதான் அண்ணாச்சி, ஆனா என்னமோ மாதிரி இருக்கு" என்பார்கள். அந்த 'என்னமோ' பெரும்பாலும் காலரில் இருக்கும், இல்லையென்றால் பட்டன் வரிசையில்.

நேராக நிற்கிற உருவத்தில் இந்தத் தொல்லை இல்லை. தொண்டைக்குழியிலிருந்து நேர்கோடு ஒன்று போட்டால் அதுதான் பட்டன் வரிசை. காலர் இரண்டு பக்கமும் ஒன்றுபோல, தோள்தையல் இரண்டும் ஒரே சரிவு. இங்கே வீடுகளில் மாட்டியிருக்கும் நினைவுப் படங்கள் அநேகமாக இப்படித்தான் இருக்கும். பக்கத்துக் கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த காலண்டர் சாமிகளைப் பார்த்துத்தான் நாங்கள் கை பழகினோம். ஆனால் முருகனுக்கு ஏது சட்டை? திரும்பி நிற்கிற சட்டையை அந்தக் காலண்டர்களில் பார்த்துப் படிக்க முடியாது.

ஆறுமுகநேரி உப்பளத்தில் முப்பது வருஷம் உப்பு வாரிய ஒரு அம்மாவின் படம் கேட்டு அவருடைய மகள் வந்தார். கையில் இருந்தது ஒரே ஒரு சின்னப் போட்டோ, அடையாள அட்டைக்கு எடுத்தது, நேர்முகம். "அம்மா பாத்தில நிக்கிற மாதிரி வேணும், பக்கவாட்டுல. மேல அப்பா சட்டை போட்டிருக்கணும்" என்றார். வெயிலுக்கும் உப்புக்கும் தடுப்பாகச் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டுதான் இங்கே பெண்கள் அளத்தில் இறங்குவார்கள். கூட வந்த தம்பிக்கு அது பிடிக்கவில்லை. "சட்டை எதுக்கு? பட்டுச்சேலை போட்டு வரைங்க. வர்றவங்க பாத்தா என்ன நினைப்பாங்க?" அக்கா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அம்மா பட்டுச்சேலையில நின்னத நீ எத்தன நாள் பாத்திருக்க?" என்றார்.

முழுப் பக்கவாட்டு முடியாது என்று சொன்னேன். நேர்முகப் போட்டோவில் மூக்கு எவ்வளவு துருத்தியிருக்கிறது, தாடை எவ்வளவு உள்வாங்கியிருக்கிறது என்று தெரியாது. கற்பனையில் போட்டால் வேறொருத்தி ஆகிவிடுவாள். அதனால் ஒரு வழி: உடம்பு முக்கால்வாசி திரும்பி நிற்கட்டும், யாரோ கூப்பிட்டதுபோல முகம் மட்டும் நம்மைப் பார்க்கட்டும். பழைய வழிதான். லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் டிஷியனின் ஓவியம் ஒன்றில், மெத்தை வைத்துத் தைத்த நீலச் சட்டைக்கை முன்னால் பெருத்து நிற்க, அந்த மனிதர் தோளுக்கு மேலாக நம்மைப் பார்ப்பார். கிட்ட இருக்கிற தோள் படத்தையே பிடித்துக்கொள்ளும்.

இப்படி வரையும்போது ஒன்றை விடக்கூடாது. காலர் உடம்போடு திரும்பும், முகத்தோடு திரும்பாது. முகம் நேராக இருக்கிறதே என்று காலரையும் நேராகப் போட்டால் ஒருவர் கழுத்தில் இன்னொருவர் தலையை ஒட்டியதுபோல் ஆகிவிடும்.

என் அக்காவை நிற்கவைத்து, சேலைக்கு மேல் மச்சானின் வெள்ளைச் சட்டையைப் போடச் சொன்னேன். பக்கத்துக் கடை டெய்லர் அண்ணாச்சி தையல் போகும் இடமெல்லாம் கறுப்பு நூல் ஓட்டிக் கொடுத்தார். "ஏல, தோள்தையல் தோள் உச்சியில இருக்கும்னு நெனச்சியாக்கும்? ஆம்பள சட்டையில அது முன்னால இறங்கித்தான் வரும்" என்றார். ஆமாம், உச்சியிலிருந்து ஏறக்குறைய ஓர் அங்குலம் முன்னால் இருந்தது. அதனால் திரும்பி நிற்கும்போது கிட்டத் தோளில் அந்தத் தையல் முழு நீளத்துக்கும் தெரிகிறது. எட்டத் தோளில் சுருங்கிக் காலர் ஓரமாக ஒரு துண்டுதான் மிஞ்சுகிறது.

அக்காவை அவள் வலப்பக்கமாகப் பாதி திருப்பினேன். இடது தோள் கிட்ட வந்தது. மார்பு உருண்டை அல்ல, முட்டை வடிவம். அகலம் மூன்று என்றால் கனம் இரண்டு. இந்தக் கணக்கில் உடம்பு 30 பாகை திரும்பினால் எட்டப் பக்கத்துக்கு மொத்த அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு கிடைக்கும். 45 பாகை திரும்பினால் கால் பங்குக்கும் கீழே போய்விடும். பட்டன் வரிசை அங்கேதான் ஓடும். அது நேர்கோடும் அல்ல. மார்போடு வெளியே வளைந்து, கீழே உள்ளே வந்து, வயிற்றில் மறுபடி வளையும். பட்டனும் வட்டமாக இருக்காது. 45 பாகையில் அதன் உயரம் பத்து என்றால் அகலம் ஏழு. வட்டமாகவே போட்டால் காகிதத்தில் ஒட்டிய பொட்டு மாதிரி நம்மைப் பார்த்து நிற்கும். இன்னும் திரும்பி முழுப் பக்கவாட்டு ஆகிவிட்டால் பட்டன் வரிசையே உடம்பின் முன்கோடாகிவிடும். தோள்தையல் நம்மை நோக்கிக் குறுகிவிடும். கை ஏற்றிய தையல் ஒரு முழு வளையமாக நடுவில் தெரியும்.

காலரை இலையாகப் போடக்கூடாது, முதலில் வளையமாகப் போடவேண்டும். பின்கழுத்தில் உயர்ந்து, முன்னால் தொண்டைக்குழிக்குச் சரிகிற வளையம். கிட்டப் பக்கத்து இலை நீளமாகக் கழுத்தைச் சுற்றி வரும். எட்டப் பக்கத்து இலை குறுகி, பாதி கழுத்துக்குப் பின்னால் மறையும். இரண்டும் சேருகிற இடம் தொண்டைக்குழியே தவிர தாடைக்கு நேர்கீழே அல்ல. தாடையிலிருந்து தூக்குநூல் விட்டால் அது கிட்டப் பக்கத்து மார்பில்தான் விழும். இரண்டையும் இணைப்பது கழுத்து நரம்பு என்று நாம் சொல்கிற அந்தத் தசை. முகம் இடப்பக்கம் திரும்பினால் வலது காதுக்குப் பின்னாலிருந்து தொண்டைக்குழிவரை அது புடைக்கும். மேல்நுனி முகத்தோடு, கீழ்நுனி சட்டையோடு. அதைப் போட்டதும் தலை உடம்பில் உட்கார்ந்துவிடும்.

இதுவரை சொன்னது அளவான சட்டைக்கு. அப்பா சட்டை அம்மாவுக்குப் பெரிது. கை ஏற்றிய தையல் தோள்முனையில் நிற்காமல் புயத்தில் இரண்டு அங்குலம் இறங்கிக் கிடந்தது. உள்ளே முந்தானை மடிப்பு இருப்பதால் இடது தோள் தூக்கியிருந்தது. அந்தப் பக்கக் காலர் கழுத்தைவிட்டு விலகி நின்றது. ஆண் சட்டை என்பதால் இடப்பக்கப் பட்டிதான் மேலே வரும். பையும் இடது மார்பில். இதில் ஒன்று பக்கம் மாறினாலும் படம் கண்ணாடியில் பார்த்ததுபோல் ஆகிவிடும்.

வரைந்து முடித்ததும் முகத்தை ஒரு காகிதத்தால் மூடிவிட்டு டெய்லர் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். "இந்த ஆளு எந்தப் பக்கம் பாத்து நிக்குது?" அவர் தயங்காமல் கையைக் காட்டினார். பிறகு, "சட்டை இவங்களுக்கு எடுத்தது இல்லயே" என்றார். அந்த இரண்டாவது வார்த்தைக்குத்தான் நான் காத்திருந்தேன்.

படத்தை வாங்க அக்காவும் தம்பியும் சேர்ந்து வந்தார்கள். அக்கா முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தம்பி ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து விரலால் புயத்தில் இறங்கியிருந்த தையலைத் தொட்டார். "அப்பாவுக்கு அகலத் தோளு. அம்மாவுக்கு இங்க வந்துதான் நிக்கும்" என்றார். பட்டுச்சேலைப் பேச்சை அதன்பிறகு எடுக்கவில்லை.