கல்லுக்குக் கீழே ஒரு துணி

மலையில கல்லுக்கா பஞ்சம், ரோடு ஏன் ஒரு மழைக்கே போகுதுன்னு டவுன் நண்பர்கள் கேட்பீங்க. கல் எங்கேயும் போகல. ஜவ்வாது மலைச் செம்மண் நனைஞ்சா இளகிடும். வண்டி ஏற ஏற ஜல்லி மண்ணுக்குள்ள இறங்கும், சேறு ஜல்லி இடுக்குல மேலே பிதுங்கும். ரோட்டுல செங்குழம்பு கசிஞ்சா, கீழே இதுதான் நடக்குதுன்னு அர்த்தம். அப்புறம் சாமை மூட்டை ஏத்த வண்டி வராது. பிரசவ வலி வந்தவளைத் தூளி கட்டித்தான் தூக்கணும்.

இதைத் தடுக்க ஜியோடெக்ஸ்டைல்னு ஒரு துணி இருக்கு. மண்ணைச் சமப்படுத்தி, துணியை விரிச்சு, விளிம்பு ஒண்ணுமேல ஒண்ணு ஒரு அடியாவது ஏறுற மாதிரி போட்டு, மேலே ஜல்லி கொட்டணும். தண்ணி இறங்கும், மண் ஏறாது. ரோட்டோர வடிகால்ல ஜல்லியை இதே துணியில பொட்டலமா சுத்தினா, மண் அடைக்காம தண்ணி ஓடும்.

தார்ப்பாய் மலிவுன்னு போட்டா கெட்டுது. தண்ணி வடியாம நின்னு ரோட்டையே ஊற வைக்கும். நல்ல துணியா இருந்தாலும் வெயில்ல நாள்கணக்கா கிடந்தா இத்துப்போகும்.

தென்னை நார்லயும் இந்தத் துணி உண்டு. 2020-ல மத்திய அரசு கிராமச் சாலைத் திட்டத்துல 7 மாநிலங்கள்ல 1,674 கிலோமீட்டருக்கு அதைப் போடச் சொல்லிச்சு. நார் சில வருஷத்துல மக்கிடும். அதுக்குள்ள அடிமண் இறுகிடணும். வடிகால் இல்லாட்டி அது இறுகாது.