தோன்றா எழுவாய்: விகுதி மட்டும் போதுமா?



‘வந்தேன்’ என்றால் ‘நான்’ என்று தனியாகச் சொல்ல வேண்டாம். கடைசியிலுள்ள விகுதியே ஆளைக் காட்டிவிடும். இதைத்தான் தோன்றா எழுவாய் என்று வகுப்பில் படித்தோம். ஆங்கிலத்தில் ‘கேம்’ என்பதில் அப்படி விகுதி இல்லை. அதனால் ‘ஐ’, ‘ஷி’ என்று எழுவாயைச் சொல்லியே ஆக வேண்டும் என்பார்கள்.

ஆனால் நம் ‘வரவில்லை’யைப் பாருங்கள். நான் வரவில்லை, நீ வரவில்லை, அவள் வரவில்லை. எல்லாருக்கும் ஒரே வடிவம். ஆளைக் காட்டும் விகுதி இல்லை. இருந்தும்,

“நேற்று ஏன் வரவில்லை?”
“காய்ச்சல் சார், அதனால்தான் வரவில்லை.”

கேள்வியில் ‘நீ’, பதிலில் ‘நான்’. யாரும் தடுமாறுவதில்லை. இங்கே ஆளைக் காட்டுவது பேச்சின் சூழல். மலையாளத்தில் எல்லா வினையும் இப்படித்தான். ‘வந்நு’ என்றால் நானும் ஆகலாம், அவளும் ஆகலாம். அங்கும் எழுவாயை விட்டுத்தான் பேசுகிறார்கள். ஜப்பானிய மொழியிலும் அப்படியே. ஆக, விகுதி ஒரு வழி. சூழல் இன்னொரு வழி. ஆங்கிலத்தில் விகுதியும் குறைவு, சூழலை நம்பி எழுவாயை விடவும் இலக்கணம் பொதுவாக இடம் தருவதில்லை.

சூழலுக்கும் எல்லை உண்டு. குடும்பக் குழுவில் திடீரென்று “நாளை கல்யாணத்துக்கு வரவில்லை” என்று போட்டால், நீங்களா, அம்மாவா, வீட்டில் எல்லாருமா? “வரமாட்டேன்”, “வரமாட்டார்” என்று எழுதுங்கள். விகுதி பதில் சொல்லிவிடும்.