முடிச்சிட்ட கவர்

வீட்டுக் குப்பையைப் பிரிப்பது பற்றிய விழிப்புணர்வுப் படங்கள் பெரும்பாலும் ஒரே வாசகத்தில் முடிகின்றன: "குப்பையைப் பிரித்துக் கொடுங்கள்." படத்தைப் பார்த்தவர் அடுப்படிக்குத் திரும்பியதும் அவ்வாசகம் அவருக்கு உதவுவதில்லை. பிரித்தல் என்பது ஒரு செயலன்று. வெங்காயத் தோல், பால் கவர், சீப்பில் சுற்றிய முடி, காலாவதியான மாத்திரை என ஒவ்வொரு பொருளையும் கையில் வைத்துக்கொண்டு எடுக்க வேண்டிய தனித்தனி முடிவு அது. ஒரு நிமிடப் படம் இத்தனை முடிவுகளையும் கற்பித்துவிட இயலாது. ஒன்றைக் கற்பிக்கலாம். அந்த ஒன்று எது என்பதைத் தேர்வதில்தான் படத்தின் வெற்றி தோல்வி அடங்கியுள்ளது.

பெங்களூரு இதற்குத் தக்க களம். வீடுகளில் பிரிக்க வேண்டிய முறையை 2015 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றமே வரையறுத்தது: இரண்டு வாளிகள், ஒரு பை. பச்சை வாளியில் சமையல் கழிவு. சிவப்பு வாளியில் நாப்கின், டயப்பர், கட்டுத்துணி போன்றவை. பையில் காகிதம், பிளாஸ்டிக், உலோகம், கண்ணாடி. விதி தெளிவானதே. ஆனால் அதை வீட்டுக்குள் கொண்டு சேர்க்கும் சொற்கள் அத்தனை தெளிவானவையல்ல. கன்னடத்தில் முதல் வகைக்கு 'ஹசி கச', மூன்றாம் வகைக்கு 'ஒண கச'. அதாவது ஈரக் குப்பை, உலர் குப்பை. மக்குவதும் மக்காததும் என்ற வேறுபாட்டை இச்சொற்கள் ஈரமும் உலர்வுமாக மாற்றிவிடுகின்றன. தமிழ்நாட்டில் புழங்கும் 'மக்கும் குப்பை' என்ற சொல்லிலும் வேறொரு சிக்கல் உண்டு: காகிதமும் மக்கும், ஆயினும் அதன் இடம் உலர் குப்பைதான்.

குடும்ப நகைச்சுவைக்கான கரு இந்தச் சொற்குழப்பத்திலேயே கிடக்கிறது. பெங்களூருவின் நடுத்தரக் குடும்பம் ஒன்றை வைத்து ஒரு படம் எழுதுவதாகக் கொள்வோம். காலை நேரம்; குப்பை வண்டி தெருமுனைக்கு வந்துவிட்டது. மகன் வெங்காயத் தோலைப் பையில் போடுகிறான்.

"என்னடா, அதைப் போய் அதில் போடுகிறாய்?" என்கிறார் தாய்.

"காய்ந்து சருகாகக் கிடக்கிறதே அம்மா! உலர் குப்பைதானே?"

தாய் தலையிலடித்துக்கொண்டு, பால் சொட்டும் கவரைப் பச்சை வாளியில் போடுகிறார். "இது ஈரம். இதிலாவது சந்தேகம் உண்டா?"

பேத்தி குறுக்கே புகுகிறாள். "அஜ்ஜி, அப்படியானால் மழையில் நனைந்த அப்பாவின் குடையும் ஈரக் குப்பையா?"

இங்கே சிரிப்பு எழுவது எவருடைய மடமையாலும் அன்று. மூவரும் தர்க்கத்தின்படியே பேசுகிறார்கள். சொல்தான் அவர்களை ஏமாற்றுகிறது. இத்தகைய படங்கள் பலவற்றில் கணவன் அசடாகவும் மனைவி அறிவாளியாகவும் (அல்லது வேலைக்காரப் பெண் அசடாகவும் எசமானி அறிவாளியாகவும்) வருவதுண்டு. அப்போது பார்ப்பவர் தம்மை அறிவாளியின் பக்கம் வைத்துக்கொள்கிறார். திருத்திக்கொள்ள வேண்டியவர் வேறொருவராகிவிடுகிறார். வெங்காயத் தோலைப் பார்த்துச் சிரிப்பவரோ, தம் வீட்டில் அது எங்கே போகிறது என்று ஒருகணம் எண்ணியே தீர வேண்டும்.

வழக்கு ஒருவாறு தீர்கிறது. தோல் பச்சை வாளிக்கு வருகிறது; பால் கவர் அலசப்பட்டு, கொடியில் கிளிப் மாட்டி உலர்கிறது. எல்லாம் சரியாயிற்று என்னும் வேளையில், அஜ்ஜி பச்சை வாளியிலிருந்து ஒரு பெரிய பிளாஸ்டிக் கவரை உருவி, வாயை இரட்டை முடிச்சிட்டு, வெற்றிக்களையோடு வண்டிக்கு எடுத்துச் செல்கிறார். சமையல் கழிவு முழுவதும் அந்தக் கவருக்குள். காலை முழுதும் வாதாடிப் பிரித்தது ஒரு முடிச்சில் மீண்டும் கலந்துவிட்டது. படத்தின் பெரிய சிரிப்பும் இதுவே, அதன் பாடமும் இதுவே.

அந்த முடிச்சை அவிழ்ப்பவர் வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர். அந்நகரில் பௌரகார்மிகர் என்பார்கள். இரட்டை முடிச்சை நிதானமாக அவிழ்க்க அவருக்கு நேரமில்லை, விரலால் கிழிப்பார். உள்ளே பிளேடோ உடைந்த கண்ணாடியோ இருந்தால் அது முதலில் தெரிவது அவர் கைக்குத்தான். கிழிக்காமல் விட்டால் கவர் அப்படியே உரக்கூடத்துக்குப் போகும். காற்றுப் புகாத கவருக்குள் கழிவு மக்காமல் அழுகி நாறும். குவியலைப் புரட்டும்போது கவர் இழைஇழையாகக் கிழிந்து உரத்தோடு கலக்கும். சலித்தாலும் சிறு துணுக்குகள் தங்கிவிடும். பிளாஸ்டிக் மின்னும் உரத்தை எந்த உழவர் தம் வயலில் இடுவார்?

ஆகவே படத்தின் இறுதிச் செயல் ஒன்றே ஒன்று: வாளியை நேராக வண்டியில் கவிழ்ப்பது. பிரிப்பது எப்படி என்ற பட்டியலோ நன்றியுரையோ அதன் பின் வரலாகாது. இச்செயலுக்கு மூன்று தகுதிகள் உள்ளன. ஒலியை அணைத்துவிட்டுக் கைப்பேசியில் பார்ப்பவருக்கும் விளங்குகிறது. அடுத்த நாள் காலையே செய்ய முடிகிறது. செய்தார்களா இல்லையா என்பது பக்கத்து வீட்டுக்காரருக்கும் பணியாளருக்கும் கண்முன்னே தெரிகிறது.

எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்பதும் தெரிந்ததே. "வாளி நாறுமே, அதைத் தினமும் யார் கழுவுவது?" இந்தக் கேள்வியைப் படம் விழுங்கிவிட்டால் இறுதிக் காட்சி பலிக்காது. அஜ்ஜியே அதைக் கேட்கட்டும். பேத்தி ஒரு நாளிதழை விரித்து வாளியின் அடியில் இடட்டும். குழம்பின் நீரை வடித்துவிட்டு மீதியைப் போடட்டும். வாளியைக் கவிழ்க்கும்போது காகிதமும் கழிவோடு சேர்ந்து விழும்; அது மக்கக்கூடியது. மூன்று நொடிகளில் காட்டிவிடலாம்.

படத்தை எங்கே திரையிடுவது என்பதில் கவனம் தேவை. தூய்மை இந்தியா இயக்கம் நாடெங்கும் பரப்பிய முறையில் பச்சை வாளி ஈரக் கழிவுக்கு, நீல வாளி உலர் கழிவுக்கு. பெங்களூருவின் முறையில் உலர் கழிவுக்கு வாளியே இல்லை, பைதான். நீல வாளி வரும் படத்தை அங்கே காட்டினால், பார்ப்பவர் தம் வீட்டில் இல்லாத வாளியைத் தேடுவார். அதைவிடப் பெரிய தடை வண்டி. பிரித்துக் கொடுத்ததை ஒரே தொட்டியில் கொட்டும் வண்டியை ஒருமுறை பார்த்துவிட்ட குடும்பம் மறுபடி பிரிக்காது. வண்டியில் தனித்தனி அறைகள் இல்லாத வட்டாரத்தில் இப்படத்தைத் திரையிடாமல் இருப்பதே நேர்மை. அங்கே முதலில் பார்க்க வேண்டியவர்கள் ஒப்பந்ததாரர்கள்.

படம் பலித்ததா என்பதை அறியவும் எளிய வழி உண்டு. பிடித்ததா என்று பார்த்தவர்களிடம் கேட்பதால் பயனில்லை. நகைச்சுவை எவருக்கும் பிடிக்கும். ஒரே தெருவில், திரையிடுவதற்கு முந்தைய வாரம் வண்டிக்குள் விழும் முடிச்சிட்ட கவர்களை எண்ண வேண்டும். அடுத்த வாரம் மீண்டும் எண்ண வேண்டும். ஒரு மாதம் கழித்து, படம் மறந்துபோயிருக்கும் வேளையில், இன்னொருமுறை எண்ண வேண்டும். எண்ணுவதற்கு ஏற்றவர் அந்த வண்டியோடு வருபவரே. எந்த வீட்டுக் கவரில் எத்தனை முடிச்சு என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும்.