வீடு இன்னும் இருக்கா?

ஞாயிற்றுக்கிழமை மதியம் பெரியம்மா வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தால், அக்காவின் கைப்பேசி மட்டும் அவரைச் சாப்பிட விடாது. பெரியம்மாவின் மூத்த மகள் அவர். பூச்சோங் வட்டாரத்தில் வீடுகளை வாடகைக்குப் பிடித்துக் கொடுக்கும் முகவர். பதிவு எண் போட்ட சிவப்பு அட்டை கழுத்தில் தொங்க, ஒரு நாளைக்கு நான்கு வீடுகளின் கதவைத் திறந்து காட்டுபவர்.

அவருக்கு வரும் முதல் செய்தி எப்போதும் ஒன்றுதான். "வீடு இன்னும் இருக்கா?" வீட்டு விளம்பரத் தளங்களில் ஒரு பொத்தானைத் தட்டினாலே இந்தக் கேள்வி தானாகப் புலனத்தில் விழுந்துவிடும். கேட்பவருக்கு ஒரு தட்டல். அக்காவுக்கோ, அது ஒரே நாளில் முப்பது தடவை எழுத வேண்டிய பதில். அதனால் அவர் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் தயார் பதில்களை எழுதி வைத்திருக்கிறார்.

அவர் எனக்கும் காட்டினார். Business tools பகுதியில் Quick replies என்று ஓர் இடம் இருக்கிறது. அதில் பதிலை ஒரு முறை எழுதி, அதற்கு ஒரு சிறு குறிச்சொல் கொடுக்க வேண்டும். பிறகு உரையாடலில் `/` என்று தட்டினால் பட்டியல் வரும். வேண்டியதைத் தொட்டால் முழுப் பதிலும் எழுதும் பெட்டிக்குள் வந்து உட்காரும். ஐம்பது பதில்கள் வரை வைத்துக்கொள்ளலாம். நாம் அனுப்பும் பொத்தானை அழுத்தும் வரை அது போகாது, அதுவரை திருத்தலாம். இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அக்கா என்னிடம் காட்டியதற்கு ஒரு காரணம் இருந்தது. "நீ தினமும் வானொலியில பேசுறவன். என் தமிழ்ப் பதிலைக் கொஞ்சம் பாரு. மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் ஆளுங்க உடனே திரும்ப எழுதுறாங்க. தமிழ்ல அனுப்பினா மட்டும் அதோட அமைதி ஆயிடுறாங்க."

வாங்கிப் பார்த்தேன். "மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, தங்கள் விசாரணைக்கு மிக்க நன்றி. தங்கள் விசாரணை எங்கள் கவனத்தில் உள்ளது" என்று தொடங்கியது. ஆங்கிலத்திலிருந்து அப்படியே வந்த தமிழ்.

"அக்கா, நம்ம ஊர்ல விசாரணைன்னா போலீஸ்தான். படிக்கிறவங்க பயந்துடுவாங்க."

வானொலியில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நாள்தோறும் சொல்லும் வரிகளைக்கூட ஒலிவாங்கிக்கு முன்னால் போவதற்குள் ஒரு முறை வாய்விட்டுப் படித்துவிடுவோம். கண்ணுக்கு மரியாதையாகத் தெரியும் வாக்கியம், காதில் விழும்போது அரசாங்கச் சுற்றறிக்கை மாதிரி இருக்கும். அக்காவையும் படிக்கச் சொன்னேன். இரண்டாவது வரியிலேயே சிரித்துவிட்டார். பிறகு இப்படி மாற்றினோம்:

"வணக்கம். ஆமாம், வீடு இன்னும் இருக்கிறது. சனி, ஞாயிறு காலை 10 மணியிலிருந்து 1 மணி வரை பார்க்கலாம். உங்களுக்கு எந்த நேரம் வசதி?"

கேட்ட கேள்விக்குப் பதில் முதல் வரியிலேயே வந்துவிடுகிறது. நன்றி, மதிப்பு எல்லாம் இல்லை. ஆனால் மரியாதை குறையவும் இல்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்வி. மூன்று கேள்விகளை ஒன்றாகக் கேட்டால், ஒன்றுக்குக்கூட பதில் வராது என்பது அக்காவின் அனுபவம்.

அடுத்தது பணத்தைப் பற்றிய பதில். அதில் "2+1+½" என்று மட்டும் இருந்தது. நம் நாட்டில் வீடு வாடகைக்கு எடுப்பவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். இரண்டு மாத வாடகை வைப்புத் தொகை, ஒரு மாத வாடகை முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்காக அரை மாத வாடகை வைப்புத் தொகை. முகவர்களுக்கு அது தாய்மொழி. புதிதாகத் திருமணமான ஓர் இளம் தம்பதிக்கு அது புரியவில்லை. 1,600 ரிங்கிட் வீட்டுக்கு அவர்கள் இரண்டும் ஒன்றும் மூன்று என்று கணக்குப் போட்டு 4,800 ரிங்கிட்டுடன் கையெழுத்துப் போட வந்தார்கள். உண்மையில் தேவைப்பட்டது 5,600. அந்த 800 ரிங்கிட்டை அந்தப் பெண் யாருக்கோ ஃபோன் போட்டுக் கடன் கேட்டதை, அக்கா பக்கத்தில் நின்று கேட்க வேண்டியதாயிற்று.

அதனால் அந்தப் பதிலைத் தொகையோடு எழுதினோம். "வைப்புத் தொகை 3,200. முன்பணம் 1,600. தண்ணீர், மின்சார வைப்புத் தொகை 800. சாவி வாங்கும் நாளில் மொத்தம் 5,600 ரிங்கிட். ஒப்பந்தப் பத்திரத்துக்கும் முத்திரைக்கும் ஆகும் செலவு தனி. அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்."

இதில் ஓர் ஆபத்து உண்டு. வீட்டுக்கு வீடு தொகை மாறும். ஒரு வாரம் கழித்து 2,000 ரிங்கிட் வீட்டைக் கேட்டவருக்கு, அக்கா அவசரத்தில் 5,600 என்றே அனுப்பிவிட்டார். அந்த வீட்டுக்குத் தேவை 7,000. வந்தவர் செய்தியைத் திறந்து நீட்டினார்; அக்காவால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. இப்போது தயார் பதிலில் எந்தத் தொகையும் இல்லை. எண் வர வேண்டிய இடத்திலெல்லாம் `####` என்று இருக்கிறது. மொத்தத் தொகையைக் கடைசி வரியிலிருந்து எடுத்து முதல் வரியில் வைத்துவிட்டோம். பெட்டிக்குள் பதில் விழுந்ததும் கண்ணில் முதலில் படுவது அதுதான். மறந்துபோய் அனுப்பினாலும், தவறான தொகையைவிட `####` பரவாயில்லை. பார்ப்பவர் உடனே திருப்பிக் கேட்பார்.

இதுவரை எல்லாம் சிரிப்பும் பேச்சுமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அடுத்த பதிலின் குறிச்சொல் `/profile`. அதைத் திறந்ததும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பெயர். இனம். வேலை. எத்தனை பேர். எப்போது குடிவருவீர்கள்.

அதற்குக் கீழே `/taken`. "மன்னிக்கவும், வீடு இப்போதுதான் போய்விட்டது. உங்கள் ஆர்வத்துக்கு மிக்க நன்றி." கூடவே கைகூப்பும் படம்.

திருமணத்துக்கு முன்னால் நான் வீடு தேடியபோது ஒரு முகவர் இதே ஐந்து வரிகளை அனுப்பினார். நான் ஒவ்வொன்றாக நிரப்பினேன். இரண்டாவது வரியில் இந்தியர் என்று எழுதினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, வீடு போய்விட்டது என்று பதில் வந்தது, கைகூப்பும் படத்தோடு. மூன்று நாள் கழித்தும் விளம்பரம் அப்படியே இருந்தது. என்னோடு வேலை செய்த சீன நண்பர் விசாரித்தார். மாலையே வந்து பார்க்கலாம் என்றார்கள். இல்லை என்று சொன்னதைவிட, அதை அவ்வளவு பணிவாகச் சொன்னதுதான் எனக்கு அதிகம் வலித்தது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். நன்றி சொன்னவரை என்ன செய்வது?

அதே வரிகள் இப்போது என் அக்காவின் கைப்பேசியில்.

"குழுத் தலைவர் கொடுத்ததுடா. சேர்ந்த அன்னிக்கே எல்லாருக்கும் இதைத்தான் அனுப்பினாங்க" என்றார். நான் பேசாமல் இருந்ததைப் பார்த்துவிட்டு அவரே தொடர்ந்தார். "நீ நினைக்கிற மாதிரி இல்ல தம்பி. ஒரு தடவை இதைக் கேட்காம ஒரு குடும்பத்தை வரச் சொன்னேன். ராவாங்லேர்ந்து வந்தாங்க, லீவு போட்டுட்டு, கைப்பிள்ளையோட. நம்ம ஆளுங்க. வீட்டுக்காரர் வாசல்ல பார்த்ததுமே என்னைத் தனியா கூப்பிட்டு முடியாதுன்னுட்டாரு. அவங்க முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்றது? முன்னாடியே கேட்டிருந்தா அந்த அலைச்சலாவது மிச்சமாகியிருக்கும்ல?"

அதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. இன்றுவரை முழுப் பதில் இல்லை.

ஆனால் நாங்கள் அன்று ஒன்றைக் கவனித்தோம். அந்தக் கேள்வியை அக்கா குடிவருபவரிடம் கேட்கிறார். வீட்டுக்காரரிடம் எதையும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய இடம் அங்கேதான். இப்போது ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளும் முன்பே, போன குடியிருப்பாளரால் என்ன பிரச்சினை வந்தது என்று கேட்கிறார். ஒருவர் மூன்று மாத வாடகை பாக்கி என்றார். இன்னொருவர், மூன்று பேர் என்று சொல்லி ஒன்பது பேர் தங்கினார்கள் என்றார். இவை எல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடியவை. எந்த இனத்துக்கும் சொந்தமானவை அல்ல. அதனால் `/profile` மாறிவிட்டது. வேலை, எத்தனை பேர், எத்தனை வாகனம், எப்போது குடிவருவீர்கள், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் காட்ட முடியுமா. கீழே ஒரு வரி: "வீட்டுக்காரர் எல்லாரிடமும் கேட்பது இவ்வளவுதான்."

எல்லாருக்கும் வேலை செய்யவில்லை. இரண்டு வீட்டுக்காரர்கள் பிடிவாதமாக இருந்தார்கள். அந்த இரண்டு வீடுகளையும் அக்கா எடுக்கவில்லை. ஒரு வீடு கைமாறினால் ஏறக்குறைய ஒரு மாத வாடகை கமிஷன். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வீட்டில் அது சின்னத் தொகை இல்லை. "எல்லா மாசமும் இப்படி முடியுமான்னு தெரியல" என்று என்னிடமே சொன்னார். நான் முடியும் என்று சொல்லவில்லை.

`/taken` இன்னும் இருக்கிறது. ஆனால் யாராவது முன்பணம் கட்டிய பிறகுதான் அதை அனுப்புகிறார். அன்றே விளம்பரத்தையும் எடுத்துவிடுகிறார். விளம்பரம் இருக்கும்போது போய்விட்டது என்று சொல்வது யாருக்கும் தெரியாது என்று நினைப்பது தவறு. நண்பரை விட்டு விசாரிக்க ஒரு தட்டல் போதும்.

வீடு காலியாக இருந்தும் வீட்டுக்காரர் மனம் மாறிவிட்டால்? அதற்கும் ஒரு தயார் பதில் எழுதலாம் என்று அன்று முயன்றோம். நான் நான்கு விதமாக எழுதிப் படித்துக் காட்டினேன். குரலை எவ்வளவு இறக்கினாலும் நான்கும் பொய்யாகவே கேட்டன. அக்கா கைப்பேசியை வாங்கி எல்லாவற்றையும் அழித்தார்.

போன ஞாயிறும் சாப்பாட்டுக்கு நடுவில் ஒரு செய்தி வந்தது. படித்துவிட்டு `/` தட்டப் போனவர் நிறுத்தினார். இடது கையால் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் எண்ணை அழைத்தார். "வணக்கம்ங்க, நான்தான் வீட்டு ஏஜெண்ட் பேசுறேன். உங்ககிட்ட ஒண்ணு நேராவே சொல்லணும்..."

அவர் திரும்பி வர இருபது நிமிடம் ஆனது. பெரியம்மா ரசத்தை மறுபடியும் சூடாக்கி வைத்தார்.