மீட்டர் சொன்னதும் நான் சொன்னதும்



பள்ளிக்கு நான் வந்துபோன சாம்பல் நிற ஸ்கூட்டரைப் போன வாரம் விற்றுவிட்டேன். "சார், ரிப்பேர் பார்த்து வச்சிருக்கலாமே?" என்று சிலர் போனில் கேட்டீர்கள். அதற்குத்தான் இந்தப் பதிவு.

2012 ஜூனில் வாங்கிய வண்டி. சமீபமாக முறுக்கினால் நீலப் புகை வந்தது, ஆயிலும் குறைந்துகொண்டே போனது. மெக்கானிக்கும் என் மாணவர்தான். "பிஸ்டன் ரிங் தேஞ்சிருச்சு சார். போர் அடிச்சு, பிஸ்டன் மாத்தி, பெல்ட்டும் கிளட்சும் போட்டா 9,500 ஆகும்" என்றார். அப்படியே விற்றால் 12,000, வேலை பார்த்து விற்றால் 16,000 கிடைக்கும் என்றும் சொன்னார். 9,500 போட்டால் 4,000தான் கூடும்.

ஏன் அவ்வளவுதான் என்று கேட்டேன். பதிவுக்கு ஆயுள் 15 வருடம். 2027 ஜூனில் வண்டியைக் காட்டி, பசுமை வரி கட்டிப் புதுப்பிக்க வேண்டும். வாங்குகிறவர் அந்தச் செலவையும் அலைச்சலையும் இப்போதே கழித்துக்கொண்டுதான் விலை கேட்பார். எஞ்சின் புதிதானாலும் வண்டியின் வயது குறையாதே!

ஆனால் செத்துக் கிடந்த பேட்டரியை 1,300 ரூபாய்க்கு மாற்றினேன். ஸ்டார்ட் ஆகாத வண்டிக்குப் பழைய இரும்பு விலைதான் கேட்பார்கள். சின்னச் செலவு விலையில் திரும்பி வரும், பெரிய செலவு வராது. நானே இன்னும் நாலைந்து வருடம் தினமும் ஓட்டுவதாக இருந்தால் 9,500 செலவழித்திருப்பேன். புது வண்டி விலைக்கு அது எவ்வளவோ மேல். இப்போது சிவகாசிக்குப் பஸ், ஊருக்குள் நடை. வண்டி வாசலில் நின்றே வீணாகும்.

வாங்க வந்தவர் பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் தம்பி. மீட்டரில் 26,000 கிலோமீட்டரைப் பார்த்ததும் "15,000 தாரேன் சார்" என்றார். எனக்குத் தொண்டையில் முள் சிக்கியது போல் ஆனது. நடுவில் மீட்டர் கேபிள் அறுந்து மூன்று, நான்கு வருடம் மாற்றாமலே ஓட்டினேன். பள்ளிக்குப் போய்வர நாளுக்கு 24 கிலோமீட்டர், வருடம் 210 நாள், எட்டு வருடம். பெருக்கிப் பாருங்கள், 40,000 தாண்டும். ஊர்ச்சுற்றல் தனி.

அந்தக் கணக்கையும் புகையையும் சொல்லிவிட்டேன். தேய்ந்த மிதி ரப்பரையும் பிரேக் பிடியையும் அவர் ஒருமுறை தடவிப் பார்த்தார். 12,000க்கு முடிந்தது.

பழைய வண்டி வாங்கப் போகும் பிள்ளைகளே, மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். அந்த ரப்பரைப் பாருங்கள், காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போதே போய் ஸ்டார்ட் செய்து புகையைப் பாருங்கள். விற்கிறவர்கள் 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட்டதோடு நிற்காமல், பெயர் மாறிவிட்டதா என்று பார்த்துவிடுங்கள். மாறாவிட்டால் நாளை விபத்து என்றால் வழக்கு உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

3,000 போச்சே என்று வீட்டில் முணுமுணுப்பு. அந்தத் தம்பி கடைத்தெருவில் பார்த்தால் வண்டியை நிறுத்தி வணக்கம் சொல்கிறார். எனக்கு அது போதும்.

உங்கள் கணக்கு சார்,
எம். புதுப்பட்டி