உம்மா பைப்பைச் சரியாகத்தான் பூட்டியிருக்கிறார்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் மிக்சர் பைப் வைத்திருப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் குசினி சிங்க்கில் இருப்பது ஒற்றைக் கைபிடி மிக்சர் பைப். தூக்கினால் தண்ணீர் வரும், கீழே அழுத்தினால் நிற்கும். இரண்டு மாதமாக அது பூட்டிய பிறகும் சொட்டிக்கொண்டே இருந்தது. பிறகு கைபிடிக்குக் கீழேயும் கசிய ஆரம்பித்தது. குசினியில் அதிகம் புழங்குவது என் உம்மா. எழுபது தாண்டியவர், விரல் மூட்டுகளில் எப்போதும் வலி. "உம்மா, பைப்ப நல்லா அழுத்திப் பூட்டுங்க" என்று நானும் சொன்னேன், மனைவியும் சொன்னா, பிள்ளைகளும் சொல்லப் பழகிவிட்டார்கள். "நான் பூட்டித்தான் மகன் வெச்சன்" என்பார். சில நாள் இரண்டு கையாலும் கைபிடியை அமுக்கிக்கொண்டு நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

ஒரு நாள் இஷாவுக்குப் பிறகு நானே அழுத்திப் பூட்டிவிட்டு, கீழே ஒரு வாளியை வைத்தேன். சுபஹுக்கு எழும்பிப் பார்த்தால் கிட்டத்தட்ட 7 லீற்றர். எட்டு மணித்தியாலத்தில் அவ்வளவு என்றால் ஒரு நாளைக்கு 21 லீற்றர், மாதத்துக்கு 630 லீற்றர். தண்ணீர் பில்லில் ஒரு யூனிட் என்பது 1000 லீற்றர். ஆகவே பில் பெரிதாக ஏறப் போவதில்லை. எனக்கு உறைத்தது வேறு விஷயம். பூட்டியது நான். அப்படியும் சொட்டியிருக்கிறது.

பைப் வேலை செய்யும் ஒருவரிடம் கேட்டேன். "சேர், இதெல்லாம் திருத்த ஏலாது, புதுசு போடுங்க" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை நானே கழற்றிப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன்.

முதலில் இந்தப் பைப் எப்படித் தண்ணீரை நிறுத்துகிறது என்று சொல்லிவிடுகிறேன். பழைய திருகு பைப்பில் ஒரு றப்பர் வாஷர் இருக்கும். திருகத் திருக அது கீழே இறங்கி, பித்தளை வாயில் உட்கார்ந்து அடைக்கும். அங்கே இறுக்கினால் பலன் உண்டு. ஒற்றைக் கைபிடி மிக்சரில் அப்படி இல்லை. உள்ளே காட்ரிஜ் என்ற ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கிறது. அதற்குள் செரமிக் தட்டுகள் இரண்டு, ஒன்றின் மேல் ஒன்றாக. கீழ்த்தட்டு அசையாது. கைபிடியோடு மேல்தட்டு வழுக்கி நகர்ந்து துளைகளை மூடும், திறக்கும். கைபிடி அடிவரை வந்துவிட்டால் மூடியாயிற்று. அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் ஒரு சொட்டும் குறையாது. கைபிடியும் காட்ரிஜும்தான் உடையும்.

வேலை தொடங்கும் முன் எங்கே கசிகிறது என்று பார்க்க வேண்டும். பூட்டிய பிறகு ஓரிரு நிமிடம் சொட்டி நின்றுவிட்டால் அது வளைந்த குழாய்க்குள் மிச்சமிருந்த தண்ணீர், பழுது இல்லை. நிற்காமல் சொட்டினால் காட்ரிஜ். கைபிடிக்குக் கீழே கசிந்தால், காட்ரிஜைப் பிடித்திருக்கும் நட்டு தளர்ந்திருக்கலாம். அதைக் கொஞ்சம் இறுக்கிப் பார்த்து, அப்படியும் நிற்காவிட்டால்தான் காட்ரிஜ் மாற்ற வேண்டும். குழாய் இடம் வலம் திரும்புகிற அந்த அடிப்பாகத்தில் கசிந்தால் காட்ரிஜுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அங்கே இருக்கும் றப்பர் வளையம் தேய்ந்திருக்கும்.

சிங்க்குக்குக் கீழே மிக்சருக்குப் போகும் குழாய்கள் இரண்டு, வால்வும் இரண்டு. எங்கள் வீட்டில் சுடுதண்ணீர் இல்லை. இரண்டு குழாயும் ஒரே டேங்க் தண்ணீர்தான். நான் ஒரு வால்வைப் பூட்டிவிட்டு, கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் இருந்த மற்றதை மறந்துவிட்டேன். நல்லவேளை, கழற்றுமுன் கைபிடியைத் தூக்கிப் பார்த்தேன், தண்ணீர் வந்தது. இரண்டையும் பூட்டிய பிறகு கைபிடியை நடுவில் தூக்கி வைத்து, குழாயில் இருப்பதை வடிய விடுங்கள். வால்வு பழசாகி முழுதாகப் பூட்டாவிட்டால் டேங்க்கில் இருந்து வரும் வால்வைப் பூட்டுங்கள். சிங்க் துளையை ஒரு துணியால் அடைத்துவிடுங்கள். அடுத்துக் கழற்றப்போகும் ஸ்க்ரூ அரிசி அளவுதான் இருக்கும்.

கைபிடியில் சிவப்பும் நீலமுமாக ஒரு சின்ன மூடி இருக்கும். மெல்லிய கத்தி முனையால் நெம்பினால் வந்துவிடும். உள்ளே இருக்கும் ஸ்க்ரூவுக்கு அலன் கீ வேண்டும். எங்களுடையதுக்கு 2.5 மில்லிமீற்றர் சரியாக இருந்தது. அதைத் தளர்த்தினால் போதும், கைபிடியை மேலே இழுத்து எடுக்கலாம். அதன் கீழே மினுக்கமான கிண்ண மூடி. அதைக் கையால் இடப்பக்கம் திருகினால் கழலும். குறடு பிடிப்பதென்றால் துணி சுற்றிப் பிடியுங்கள், இல்லாவிட்டால் கீறல் விழும். அதற்கும் கீழேதான் அந்தப் பெரிய நட்டு. ஸ்பெனரால் கழற்றும்போது மற்றக் கையால் பைப்பின் உடம்பை இறுக்கிப் பிடிக்க வேண்டும். பைப்பும் சேர்ந்து திரும்பினால் கீழே இருக்கும் வளையும் குழாய்கள் முறுக்கிக்கொள்ளும்.

நட்டைக் கழற்றியதும் காட்ரிஜ் நேராக மேலே வந்தது. திருப்பிப் பார்த்தேன். அடியில் மூன்று துளைகள், ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு றப்பர். இரண்டு தண்ணீர் வரும் வழி, ஒன்று போகும் வழி. அந்த றப்பர்களில் ஒன்று ஒரு பக்கம் வெட்டுப்பட்டு, அதற்குள் இரண்டு மணல் துணிக்கைகள் பதிந்திருந்தன. தண்ணீர் செரமிக் தட்டுக்குப் போகாமலே, வெட்டுப்பட்ட இடத்தால் நுழைந்து, சொட்டாகவும் கைபிடிக் கசிவாகவும் வெளியே வந்திருக்கிறது. கைபிடி மூடியிருப்பதோ திறந்திருப்பதோ அந்தத் தண்ணீருக்குக் கணக்கே இல்லை.

மணல் எங்கிருந்து வந்தது என்று யோசித்தபோது ஞாபகம் வந்தது. சொட்டத் தொடங்குவதற்குச் சில நாள் முன்புதான் டேங்க் கழுவினோம். கலங்கிய அடிமண் முதலில் இறங்கியது குசினிப் பைப்புக்கு. வெளியே முற்றத்துப் பைப்பைத் திறந்து, தெளியும் வரை விட்டிருக்க வேண்டும். அதைச் செய்யாதது நான்.

காட்ரிஜ் வாங்கியதில் எனக்கு ஒரு நடை வீண். போனில் படம் எடுத்துக்கொண்டு ஹார்ட்வெயார் கடைக்குப் போனேன். கடைக்காரர் தந்தது 40 மில்லிமீற்றர், எங்களுடையது 35. படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டாம் முறை பழையதையே கொண்டு போய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்கினேன். அகலம் மட்டும் போதாது. அடியில் துளைகளும் இரண்டு சின்ன முளைகளும் இருக்கும் இடம், மேலே நீட்டியிருக்கும் தண்டின் உயரம், எல்லாம் ஒத்திருக்க வேண்டும். புது மிக்சரின் விலையோடு பார்த்தால் இது ஒரு சிறு செலவு.

புதியதைப் போடுமுன் உள்ளே துடைத்து எடுங்கள். சுண்ணாம்புப் படிவு இருந்தால் வினாகிரி தொட்ட பழைய பல் பிரஷ் போதும். பிறகு மேலே ஒரு கோப்பையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, கீழ் வால்வுகளை ஒவ்வொன்றாக ஒரு நொடி மட்டும் மெல்லத் திறந்து மூடுங்கள். குழாயில் தங்கிய மணல் வெளியே வந்துவிடும். இதைச் செய்யாவிட்டால் புது றப்பரும் அதே மணலில் வெட்டுப்படும். றப்பருக்கு வழுவழுப்பு வேண்டுமென்றால் சிலிக்கன் கிரீஸ் பூசலாம். வாஸலினும் தேங்காய் எண்ணெயும் வேண்டாம், றப்பர் ஊதிவிடும்.

காட்ரிஜ் அடியில் உள்ள முளைகள் பைப்பின் குழிகளில் உட்கார வேண்டும். முதல் முறை எனக்கு உட்காரவில்லை. நட்டு வழமையான இடம் வரை இறங்காமல் இரண்டு மரை மேலேயே நின்றது. அதுதான் அடையாளம். அப்போது பலவந்தமாக இறுக்காதீர்கள். திரும்ப எடுத்து, சற்றுத் திருப்பி வைத்தேன், டக்கென்று இறங்கியது. நட்டைக் கையால் முடிந்தவரை இறுக்கிவிட்டு, ஸ்பெனரால் கால் சுற்று. அதிகம் இறுக்கினால் கைபிடி கனக்கும், குறைந்தால் கைபிடிக்குக் கீழே கசியும். மூடிகளைப் போடுமுன் வால்வுகளை மெல்லத் திறந்து, கைபிடியைச் சும்மா சொருகித் திறந்து பூட்டிப் பாருங்கள். நட்டைச் சுற்றி டிஷூ வைத்துப் பத்து நிமிடம் கழித்துத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்தே இருந்தது. மூக்கு நுனியிலும் சொட்டு இல்லை.

இரண்டு கைபிடி உள்ள பழைய மிக்சர் என்றால், கீழ் வால்வுகளில் ஒன்றை மட்டும் பூட்டிப் பாருங்கள். சொட்டு நின்றால் பழுது அந்தப் பக்கம். அதை மட்டும் கழற்றி, பழைய வாஷரை அளவுக்குக் கொண்டு போய்ப் புதியது போடலாம். புது வாஷர் போட்டும் சொட்டினால், அது உட்காரும் பித்தளை வாயை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாகக் குழி விழுந்திருந்தால் எத்தனை வாஷர் போட்டாலும் நிற்காது. அதேபோல, பைப்பின் உடம்பு வெடித்திருந்தாலும், நட்டின் மரை அரித்துப் போயிருந்தாலும் புதுப் பைப்தான் வழி.

வேலை முடிந்ததும் உம்மாவைக் கூப்பிட்டு, வெட்டுப்பட்ட றப்பரைக் கையில் கொடுத்தேன். "உங்கட கையில ஒரு பிழையும் இல்ல உம்மா, இதுதான். நாங்கதான் தெரியாமச் சொல்லிட்டம்" என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கா மகன் நான் ரெண்டு மாசமா அமுக்கினன்?"

பிறகு ஒரு விரலால் கைபிடியைத் தூக்கி, ஒரு விரலால் இறக்கிப் பார்த்தார். தண்ணீர் நின்றது. பேத்தியைக் கூப்பிட்டு அவளுக்கும் ஒருமுறை செய்து காட்டினார்.